எண் எங்கிருந்து வந்தது, ஏன் அந்த எண்: அனுமானங்கள் பக்கத்தை எழுதும் முறை

கேள்வி: மாதச் சந்தாவில் ஓடும் ஒரு மென்பொருளுக்கு மூன்று வருடக் கணிப்பை எக்ஸெலில் போட்டு வைத்திருக்கிறேன். பணம் போட யோசிப்பவர், "எல்லா முக்கிய எண்ணுக்கும் ஆதாரமும் காரணமும் எழுதி ஒரு அனுமானங்கள் பக்கம் கொடுங்கள்" என்கிறார். என் ஷீட்டில் அறுபது எழுபது எண் இருக்கிறது, பாதி நானே குத்துமதிப்பாகப் போட்டது. அதையெல்லாம் எப்படி எழுதுவது?

பதில்: முதலில் அறுபதையும் எழுத உட்காராதீர்கள். கணிப்பில் உங்களுக்கு முக்கியமான ஒரு முடிவை எடுத்துக்கொள்ளுங்கள், உதாரணமாக மூன்றாம் வருடக் கடைசியில் கையில் இருக்கும் பணம். இப்போது ஒவ்வொரு உள்ளீட்டு எண்ணாக 10% கூட்டியும் குறைத்தும் பார்த்து, அந்த முடிவு எவ்வளவு நகர்கிறது என்று குறித்துக்கொண்டே போங்கள். பெரும்பாலான எண்கள் அசைக்கவே அசைக்காது. ஆனால் 10% எல்லா எண்ணுக்கும் நியாயமான அளவு இல்லை, கையெழுத்தான ஒப்பந்தத்தில் இருக்கும் தொகை 10% மாறப்போவதில்லை, நீங்கள் யோசித்துப் போட்ட எண்ணோ இரண்டு மடங்கு ஆகலாம். அதனால் இரண்டாவது சுற்றில், ஒவ்வொன்றுக்கும் அதற்கே உரிய குறைந்தபட்சமும் அதிகபட்சமும் கொடுத்து மறுபடி பாருங்கள். இந்தச் சுற்றில் மேலே வருபவைதான் முக்கிய எண்கள். பத்துப் பன்னிரண்டுக்கு மேல் இருக்காது, உங்கள் மாதிரித் தொழிலில் பெரும்பாலும் விலை, மாதம் எத்தனை புதியவர்கள் வருகிறார்கள், அவர்களில் எத்தனை பேர் கட்டணத்துக்கு மாறுகிறார்கள், எத்தனை பேர் விலகுகிறார்கள், சம்பளச் செலவு, இவைதான் வந்து நிற்கும். இவற்றுக்கு ஆளுக்கொரு பத்தி எழுதுங்கள். மீதிக்கு ஒரு வரி போதும்.

சரி, அந்தப் பத்தியில் என்ன எழுதுவது? இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். ஆதாரமும் காரணமும் ஒன்று என்று நினைத்து, "ஆதாரம்: எங்கள் தரவு" என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். ஆதாரம் என்பது நீங்கள் கண்ணால் பார்த்த எண். ஷீட்டில் இருப்பது நீங்கள் பயன்படுத்தும் எண். இரண்டும் அச்சு அசலாக ஒன்றாக இருப்பது அரிது. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு எப்படி வந்தீர்கள் என்பதுதான் காரணம், படிப்பவர் தேடுவதும் அதைத்தான்.

விலகல் விகிதத்தை வைத்தே முழுசாகப் பார்ப்போம். உங்களிடம் ஐந்து மாதத் தரவு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் கட்டணம் கட்டிக்கொண்டிருந்தவர்களைக் கூட்டினால் மொத்தம் 310 வாடிக்கையாளர்-மாதங்கள், அதாவது மூன்று மாதம் இருந்த ஒருவர் மூன்றாக எண்ணப்படுவார், அந்தந்த மாதம் விலகியவர்களைக் கூட்டினால் 19. வகுத்தால் 6.1%. இதை அப்படியே "மாத விலகல் 6%, ஆதாரம் எங்கள் தரவு" என்று எழுதினால் பொய் இல்லை, ஆனால் தவறான எண். ஏனென்றால் அந்த 19 பேரைப் பிரித்துப் பார்க்கும்போது 11 பேர் சேர்ந்த முதல் இரண்டு மாதத்துக்குள் போனவர்கள். அந்த 310இல் முதல் இரண்டு மாதத்தில் இருந்தவர்கள் 95, அதற்கு மேல் இருந்தவர்கள் 215. ஆக புதியவர்களிடம் 95க்கு 11, கிட்டத்தட்ட 12%. பழகியவர்களிடம் 215க்கு 8, கிட்டத்தட்ட 4%. இரண்டும் ஒரே கூட்டம் கிடையாது. 6% என்பது அந்த ஐந்து மாதத்தில் புதியவர்களும் பழையவர்களும் எந்த அளவில் கலந்திருந்தார்களோ, அந்தக் கலவைக்கு மட்டும் சரியான எண், நாளைக்கு விளம்பரம் கூடிப் புதியவர்கள் குவிந்தால் அது தானாகவே ஏறும், வளர்ச்சி நின்றால் இறங்கும். அதனால் கணிப்பில் இரண்டு விகிதமாகத்தான் ஓட்ட வேண்டும். பக்கத்தில் வரும் பத்தி இப்படி இருக்கலாம்:

"பழைய வாடிக்கையாளர்களின் மாத விலகல் (மூன்றாம் மாதம் முதல்): 4%. பார்த்தது: எங்கள் கட்டணப் பதிவேடு, கடந்த ஐந்து மாதம், 215 வாடிக்கையாளர்-மாதங்களில் 8 விலகல், 3.7%. பயன்படுத்துவது 4%: எண்ணிக்கை சிறியது, அதனால் மேல்நோக்கி முழுமையாக்கியிருக்கிறோம். கார்டு காலாவதியாகிப் பணம் வராமல் நின்றவர்களையும் விலகலாகவே எண்ணியிருக்கிறோம். ஐந்து மாதத்துக்கு மேல் பழைய வாடிக்கையாளர் எங்களிடம் இல்லை, எனவே இரண்டாம் வருடத்தில் விலகல் குறையும் என்று கணிப்பில் எங்கும் எடுத்துக்கொள்ளவில்லை. வரம்பு: 2% முதல் 7%."

கடைசியில் வரும் வரம்பை வாய்க்கு வந்தபடி போடக்கூடாது. வெறும் 8 நிகழ்வு என்பது மிகச் சிறிய எண்ணிக்கை, தற்செயலாகவே அது ஏறி இறங்கும். 8 என்று எண்ணிய இடத்தில் உண்மையான சராசரி சுமார் 3.5இலிருந்து 16 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்கிறது வழக்கமான 95% கணக்கு (பாய்ஸான் வரம்பு), அதை 215ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2% முதல் 7%. சின்ன வித்தியாசம் மாதிரித் தெரிந்தாலும், 12 மாதத்துக்கு ஓட்டிப் பாருங்கள்:

```
=(1-0.02)^12   → 78%
=(1-0.04)^12   → 61%
=(1-0.07)^12   → 42%
```

இரண்டு மாதம் தாண்டிய 100 பேரில் ஒரு வருடம் கழித்து மீதி இருப்பது 78 பேரா 42 பேரா என்பதே தெரியாத நிலையில்தான் நீங்கள் இருக்கிறீர்கள். இதைப் பக்கத்தில் வெளிப்படையாக எழுதினால் பலவீனமாகத் தெரியுமோ என்று பயப்படுவீர்கள். பணம் போடுபவர் இந்தக் கணக்கை எப்படியும் போடுவார், நீங்களே போட்டு வைத்திருந்தால் பேச்சு அடுத்த விஷயத்துக்கு நகரும். மாத விகிதமா வருட விகிதமா என்பதையும் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள், மாதம் 4% என்றால் வருடத்துக்கு 39%. இதை யாராவது "வருடம் 4%" என்று படித்துவிட்டால் மொத்தக் கணிப்பும் வேறு கதையாகிவிடும்.

அடுத்து, இரவல் எண்கள். "இத்துறையில் சராசரியாக இவ்வளவு பேர் கட்டணத்துக்கு மாறுகிறார்கள்" என்று ஒரு கட்டுரையில் பார்த்துப் போட்டிருப்பீர்கள். அந்தக் கட்டுரை இன்னொன்றைக் காட்டும், அது வேறொன்றைக் காட்டும். முதலில் எண்ணியவர் யார் என்ற இடம் வரை போங்கள், போக முடியவில்லை என்றால் அந்த எண்ணை ஆதாரம் என்று எழுதாதீர்கள். போய்ச் சேர்ந்தாலும் அங்கே பார்க்க வேண்டியது எண்ணை இல்லை, வரையறையை. இலவசச் சோதனைக்கு முன்பே கார்டு விவரம் கேட்கும் நிறுவனங்களில் மாறும் விகிதம் அதிகமாகத்தான் இருக்கும், ஏனென்றால் வாங்கும் எண்ணம் இல்லாதவர்கள் வாசலிலேயே திரும்பிவிடுவார்கள். நீங்கள் கார்டு கேட்காமல் உள்ளே விடுகிறீர்கள் என்றால் அந்த விகிதம் உங்களுக்குப் பொருந்தாது. எவ்வளவு குறைத்தீர்கள், ஏன் அவ்வளவு என்பதை எழுதினால்தான் அது காரணம்.

என்னைக் கேட்டால், பெரிய அறிக்கையின் சராசரியைவிட உங்களுடைய சின்னத் தரவே மேல், ஆனால் எண்ணிக்கையோடு எழுதினால் மட்டும். "18.75% மாறுகிறார்கள்" என்று எழுதினால் துல்லியமாகத் தெரியும். உண்மையில் அது 48 பேரில் 9 பேர், அதன் நியாயமான வரம்பு சுமார் 10% முதல் 32% வரை நீள்கிறது. "48இல் 9" என்றே எழுதுங்கள். தசமப் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் இலக்கங்கள் உங்களிடம் இல்லாத அறிவைக் காட்டுகின்றன.

இப்போது அந்தக் குத்துமதிப்பு எண்களுக்கு வருவோம். அவற்றுக்கு ஆதாரம் தேடிப் பொருத்த வேண்டாம். முதலில் எண்ணைப் போட்டுவிட்டு, பிறகு அதற்கு ஒத்துவரும் அறிக்கையைத் தேடுவது எல்லோரும் செய்வதுதான், ஆனால் இரண்டாவது கேள்வியிலேயே வெளிப்பட்டுவிடும். "ஊகம்" என்றே எழுதி, எதை வைத்து ஊகித்தீர்கள் என்று சொல்லுங்கள். உதாரணமாக, விற்பனைக்கு எடுக்கப்போகும் ஒருவர் மாதம் 6 வாடிக்கையாளர்களைக் கொண்டுவருவார் என்று போட்டிருந்தால்: ஒருவருக்குச் செயல்விளக்கம் காட்டவும் அப்புறம் பின்தொடரவும் எவ்வளவு நேரம் ஆகிறது, மாதத்தில் எத்தனை செயல்விளக்கம் முடியும், இதுவரை நீங்களே காட்டியதில் எத்தனைக்கு ஒன்று முடிந்தது, இப்படி உடைத்து எழுதுங்கள். நிறுவனரே விற்கும்போது கிடைக்கும் விகிதம் புதிய ஆளுக்குக் கிடைக்காது, அதற்காகக் குறைத்தீர்களா என்பதும் அங்கே வர வேண்டும். கூடவே ஒரு வரி: இந்த எண் எவ்வளவு வரை இறங்கினால் கணிப்பு உடைகிறது. 6க்குப் பதில் 3 வந்தாலும் பணம் தீராது என்றால் அந்த ஊகத்தைப் பற்றி யாரும் மல்லுக்கட்ட மாட்டார்கள். 5 வந்தாலே தீர்ந்துவிடும் என்றால் அதைத் தெரிந்துகொள்ள வேண்டியவர் முதலில் நீங்கள்தான்.

ஷீட்டில் எண்ணே இல்லாத அனுமானங்களும் உண்டு, இவை கண்ணில் படாது. பில் போட்ட அன்றே பணம் வந்துவிடும், பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டிவராது, மூன்று வருடமும் சம்பளம் உயராது, விலையை ஏற்றினாலும் ஒருவரும் போக மாட்டார். எங்கும் எழுதாவிட்டாலும் உங்கள் சூத்திரங்கள் இவற்றைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டுதான் ஓடுகின்றன. வருமானத்திலிருந்து வங்கிக் கணக்கு வரைக்கும் ஒவ்வொரு படியாக நடந்து பார்த்து, "இங்கே எதைப் பூஜ்யமாக விட்டிருக்கிறேன்?" என்று கேட்டால் நாலைந்து அகப்படும். அவற்றையும் பக்கத்தில் ஏற்றுங்கள்.

எக்ஸெல் வேலை கொஞ்சம்தான். ஒவ்வொரு எண்ணும் அனுமானங்கள் பக்கத்தில் ஒரே ஒரு செல்லில் இருக்க வேண்டும், மற்ற இடமெல்லாம் `=Assumptions!C7` போல அதைத்தான் இழுக்க வேண்டும். சூத்திரத்துக்குள் `*0.96` என்று நேராக அடித்து வைத்திருந்தால், பக்கத்தில் எண்ணை மாற்றினாலும் கணிப்பு நகராது. சோதிப்பது சுலபம், செல்லில் அபத்தமாக ஒரு எண்ணைப் போட்டுப் பாருங்கள், முடிவும் அபத்தமாக மாறவில்லை என்றால் இணைப்பு எங்கோ அறுந்திருக்கிறது. கையால் அடித்த எண்ணுக்கு நீல எழுத்து, சூத்திரத்துக்குக் கறுப்பு என்பது கணிப்பு போடுபவர்கள் வழக்கம், அதையே வைத்துக்கொள்ளுங்கள். தரவை எந்தத் தேதியில் எடுத்தீர்கள் என்பதற்கும் ஒரு நெடுவரிசை.

ஆறாம் மாதத் தரவு வந்ததும் 4%இன் மேலேயே புது எண்ணை அடித்துவிடாதீர்கள். பழைய எண்ணையும் அதன் காரணத்தையும் விட்டுவைத்து, பக்கத்து நெடுவரிசையில் புதியதைத் தேதியோடு போடுங்கள். அடுத்த சந்திப்பில் அவர் முதலில் கேட்கப்போவது எது மாறியது, ஏன் மாறியது என்பதைத்தான்.