கணக்கு சாரும் காலி பெஞ்சும்

அன்புள்ள ஐயா,

நான் எம்.பி.ஏ. மாணவி. மண்டபம் பக்கம் ஓர் அரசு நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியையின் தலைமைப் பாணியை ஹெர்சி–பிளான்சார்ட் கோட்பாட்டை வைத்து ஆராய்கிறேன். அனுபவமுள்ள கணக்கு சாரின் வகுப்பில் அவர் தலையிடுவதே இல்லை. ஆனால் வராத பையன்களைப் பற்றி அதே சாரிடம் தினமும் கணக்குக் கேட்கிறார். புதிய டீச்சரையும் அப்படித்தான் கேட்கிறார். 'கலவையான பாணி' என்று எழுதினேன். வழிகாட்டி ஏற்கவில்லை.

— வாசகி, ராமநாதபுரம்

அன்புள்ள மகளுக்கு,

உன் வழிகாட்டி சொல்வது சரிதான். அந்தக் கோட்பாட்டில் ஆளுக்கு ஒரு பாணி கிடையாது. ஒரு ஆள், ஒரு வேலை, இரண்டும் சேர்ந்ததற்குத்தான் பாணி. அந்த வேலை அவருக்குத் தெரியுமா, செய்ய மனம் இருக்கிறதா என்று ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். இரண்டும் இருந்தால் ஒப்படைத்துவிடலாம். இரண்டும் இல்லையென்றால் இன்னது செய் என்று சொல்லித்தான் ஆகவேண்டும். தெரியாது, ஆனால் ஆர்வம் உண்டு என்றால் சொல்வதோடு ஏன் என்றும் விளக்க வேண்டும். தெரியும், மனமில்லை என்றால் உத்தரவைக் குறைத்து, உட்கார்ந்து பேசி, முடிவில் அவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வகுப்பில் சாருக்கு இரண்டும் உண்டு, அங்கே ஒப்படைத்தது பொருத்தம். வருகை விஷயம் வேறு. ஜூன் 14-உடன் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கிளம்பியதும் எட்டாம் வகுப்பில் பெஞ்சுகள் காலியாவதை இந்தக் கரையில் வாத்தியாராக இருந்த நானும் பார்த்திருக்கிறேன். எந்தப் பையன் எந்தக் கரையில் மீன் பிரிக்கிறான் என்பது பழைய ஆசிரியருக்குத் தெரியாமல் இருக்காது. போய்ச் சொல்லியும் பயனில்லை என்று பல வருடம் பார்த்துச் சலித்திருப்பார். அப்படியானால் அது தெரிந்தும் மனமில்லாத நிலை. அவரிடம் தினமும் கணக்குக் கேட்டால் பதிவேட்டில் எண் வரும், பையன் வரமாட்டான். இதைச் சோதிக்க வழி உண்டு: கணக்குக் கேட்க ஆரம்பித்த பிறகு எத்தனை வீடுகளுக்குப் போனார், எத்தனை பேர் திரும்பினார்கள் என்று பார்.

புதிய டீச்சருக்கு ஊரே தெரியாது. அம்மா கடல்பாசி எடுக்கப் போன நாளில் காலையில் கதவைத் தட்டிப் பயனில்லை, அந்தி சாய்ந்த பிறகு போ என்று யாராவது சொல்லித்தர வேண்டும். அவர் தயங்கியும் நின்றால் கண்டிப்பான சொல் சரியே. ஆனால் பாதை பழகிய பிறகும் அதே தொனி தொடர்ந்தால் அது தவறு. ஆகவே ஜூலையில் ஒரு தடவை, அக்டோபரில் ஒரு தடவை குறிப்பெடு.

இந்தக் கோட்பாட்டின் வரம்பையும் எழுது. 1987-இல் வெக்கியோ என்ற ஆய்வாளர் உயர்நிலைப்பள்ளி ஆசிரியர்களிடமே இதைச் சோதித்தார். அனுபவம் குறைந்தவர்களுக்கு நெருங்கிய வழிகாட்டல் வேண்டும் என்ற பகுதி நன்றாகப் பொருந்தியது. வேலையில் முதிர்ந்தவர்களைப் பற்றிய பகுதிக்கு அந்த அளவு ஆதாரம் கிடைக்கவில்லை. அதனால் புதிய டீச்சரைப் பற்றி நீ அழுத்தமாகச் சொல்லலாம். கணக்கு சாரைப் பற்றிச் சொல்லும் முன் அவரிடமே உட்கார்ந்து பேசிவிடு. தலைமையாசிரியை சொன்னதை மட்டும் வைத்து எழுதாதே.