ஜால்ரா என்றால் விடலாம், எட்டப்பன் என்றால்?

"லேட்டா வந்தவரைப் பத்தி மேனேஜர் கேட்டார், உண்மையைச் சொன்னேன். இப்போ டீமில் எனக்கு 'எட்டப்பன்'னு பேரு. சிரிச்சிட்டு விட்டுடலாமா?"

விடாதீங்க நண்பரே. 'ஜால்ரா'ன்னா விட்டிருக்கலாம், ஜால்ராவைக் கிண்டலடிப்பாங்க, லீவு வேணும்னா அவரையே சிபாரிசுக்கும் அனுப்புவாங்க. 'நாரதர்'னு பேர் வாங்கினவர்கிட்ட, பரவட்டும்னே சேதி சொல்றவங்க உண்டு. எட்டப்பன் வேற. 1799இல் கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலேறிய கதையோட ஒட்டின துரோகிப் பட்டம் அது (எட்டயபுரத்துக்காரங்க இதை ஒத்துக்க மாட்டாங்க!). நீங்க வந்ததும் பேச்சு நின்னா, பட்டம் ஒட்டிக்கிச்சுன்னு அர்த்தம்.

லேட்டா வந்தவர்கிட்ட தனியா, "அவர் கேட்டார், இவ்வளவுதான் சொன்னேன்"னு வார்த்தை மாறாம சொல்லிடுங்க. அடுத்த தடவை மேனேஜர் கேட்டா, "அவரையே கேளுங்க சார்".