நன்றிப் பதிவில் அத்தையின் கால் எதற்கு?

சிஸ்டர், என் மாமியாருக்கு ஆபரேஷன் நடந்து, அரசு மருத்துவமனையில் பதினோரு நாள் இருந்தோம். நான்தான் கூட இருந்து பார்த்துக்கொண்டேன். அங்கே உதவியவர்களுக்கு நன்றி சொல்லி ஃபேஸ்புக்கில் போட ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். படித்த என் கணவர், "அம்மா பார்த்தா சங்கடப்படுவாங்க" என்கிறார். கொழுந்தனாரோ, "எல்லாரும் போடுற மாதிரிதானே அண்ணி இருக்கு" என்கிறார். எதை மாற்ற வேண்டும் என்று தெரியவில்லை. திருத்தித் தருவீர்களா? நான் எழுதியது இது:

"என் மாமியாருக்கு (67) சர்க்கரை நோயால் வலது காலில் இரண்டு விரல்கள் அழுகிவிட்டதால், கடந்த 3-ம் தேதி நம் அரசு மருத்துவமனையின் பெண்கள் அறுவை சிகிச்சை வார்டில் அகற்றப்பட்டன. டாக்டர்கள் கடவுளின் மறுவடிவம். நர்ஸ்கள் வெள்ளுடை தேவதைகள். அத்தை இரண்டு முறை படுக்கையிலேயே சிறுநீர் கழித்தபோதும் முகம் சுளிக்காமல் சுத்தம் செய்தார்கள். மற்ற நர்ஸ்கள் எரிந்து விழுந்தாலும் நைட் டியூட்டி சிஸ்டர் மட்டும் அன்பாக இருந்தார். அனைவருக்கும் கோடானு கோடி நன்றி! (டிஸ்சார்ஜ் சம்மரியும் வார்டில் எடுத்த படமும் இணைத்துள்ளேன்.)"

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

முதலில் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். மேலே அச்சாகியிருப்பதில் வயது, தேதி, வார்டு, நோய் எல்லாமே மாற்றப்பட்டவை. உங்கள் கடிதத்தில் இருந்தவை வேறு. உங்கள் பெயர் இல்லாவிட்டாலும், அந்த நான்கையும் சேர்த்துப் படித்தால் உங்கள் தெருக்காரர்கள் அது யார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஃபேஸ்புக்கில் இது இன்னும் சுலபம். மாமியாரின் பெயரை நீங்கள் எழுதவில்லைதான். ஆனால் கணக்கு உங்கள் பெயரில் இருக்கிறது, உங்களுக்கு இருப்பதும் ஒரே மாமியார். படிக்கப்போகிற சொந்தக்காரர்கள், பழைய பள்ளித் தோழிகள், காய்கறிக் கடைக்காரரின் மகன் என எல்லோருக்கும் அது யார் என்று தெரியும். ஆகவே இந்தப் பதிவில் பெயரை மறைத்து எந்தப் பயனும் இல்லை. நோயையும் உடம்பையும்தான் விட்டுவிட வேண்டும். நாளைக்கு ஒரு கல்யாண வீட்டில் அத்தை செருப்பைக் கழற்றும்போது நாலு பேர் அவர் காலைப் பார்ப்பார்கள். உங்கள் கணவருக்குத் தோன்றிய சங்கடம் அதுதான்.

கொழுந்தனார் சொன்னதும் சரிதான். உங்கள் பதிவை இன்னொரு முறை படியுங்கள். எந்தக் கால், எத்தனை விரல், எத்தனை முறை படுக்கை நனைந்தது என்று அத்தையைப் பற்றி எல்லாமே துல்லியமாக இருக்கிறது. உதவியவர்களைப் பற்றி இருப்பதோ கடவுள், தேவதை, கோடானு கோடி. நீங்கள் நன்றி சொல்ல நினைத்தவர்கள் மங்கலாகத் தெரிகிறார்கள், மறைக்க வேண்டியவர் பளிச்சென்று தெரிகிறார். இதை அப்படியே திருப்பிப் போட வேண்டும்.

அதற்கு வேண்டியதெல்லாம் உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்திலேயே இருந்தது. போகிறபோக்கில் மூன்று விஷயங்கள் எழுதியிருந்தீர்கள். அர்த்த ராத்திரியில் படுக்கை நனைந்து, என்ன செய்வதென்று தெரியாமல் நீங்கள் நின்றபோது, ஒரு சிஸ்டர் திரையை இழுத்துவிட்டு, "நீங்க போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்கம்மா, நான் பார்த்துக்கறேன்" என்றாராம். வீட்டில் புண்ணுக்குக் கட்டுப் போடுவதை இன்னொரு சிஸ்டர் வாயால் சொல்லிவிட்டுப் போகாமல், மூன்று நாள் உங்கள் கையாலேயே போடவைத்துப் பக்கத்தில் நின்று பார்த்தாராம். எக்ஸ்ரேக்கு ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டு போன பணியாளர், தரை உடைந்த இடம் வரும்போதெல்லாம் நின்று, முன் சக்கரத்தைத் தூக்கி மெதுவாக இறக்கினாராம். இருபத்தாறு வருடம் வார்டில் வேலை பார்த்தவள் நான். அந்த ஸ்ட்ரெச்சர் வரியைப் படித்ததும் அந்த மனிதரை நேரில் பார்த்ததுபோல் இருந்தது. இதை ஏன் பதிவில் எழுதாமல் விட்டீர்கள்?

சரி, இவற்றையும் அப்படியே எழுதிவிட முடியாது. 'கட்டு' என்றால் புண் இருக்கிறது என்று தெரிந்துவிடும். 'படுக்கை நனைந்தது' என்றால் கேட்கவே வேண்டாம். இந்த இடத்தில்தான் பலரும் தடுமாறி, மறுபடி 'தேவதை'க்கே போய்விடுகிறார்கள். ஒரு சின்ன மாற்றம் போதும். கட்டிலில் படுத்திருந்தவருக்கு என்ன நடந்தது என்று எழுதாதீர்கள். கட்டில் பக்கத்தில் நின்ற உங்களுக்கு என்ன நடந்தது என்று எழுதுங்கள். நீங்கள் பதறியது, அவர் உங்களிடம் சொன்ன வார்த்தை, திரும்பி வந்தபோது நீங்கள் பார்த்தது, இவையெல்லாம் உங்கள் அனுபவம், தாராளமாகச் சொல்லலாம். கட்டுப் போட்டது என்பது 'வீட்டில் செய்ய வேண்டியது' ஆகிவிடும். 'மூன்று நாள்', 'என் கையாலேயே', 'பக்கத்தில் நின்று' எல்லாம் அப்படியே இருக்கட்டும், அந்த சிஸ்டர் செய்த உதவி அவற்றில்தான் தெரிகிறது. எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்து பாருங்கள். அத்தைக்கு என்ன நோய் என்று தெரியாத ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, "என்ன நோய்னு நினைக்கறீங்க?" என்று கேளுங்கள். அவர் சரியாகச் சொல்லிவிட்டால் எந்த வார்த்தை காட்டிக்கொடுத்தது என்று கேட்டு, அதை எடுத்துவிடுங்கள். பெரும்பாலும் அது வார்டின் பெயராகவோ மருந்தின் பெயராகவோ இருக்கும்.

அப்புறம், 'மற்ற நர்ஸ்கள் எரிந்து விழுந்தாலும்' என்ற வரி. இதைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள். நீங்கள் பாராட்டும் சிஸ்டர் மறுநாளும் அதே ஆட்களோடுதான் வேலை பார்க்க வேண்டும். குறை இருந்தால் அதைத் தனியாகப் புகாராக எழுதுங்கள், நன்றிக்குள் வைக்காதீர்கள்.

விதியைத் தளர்த்திச் செய்த உதவியையும் பொதுவில் சொல்லக் கூடாது. பார்வையாளர் நேரம் முடிந்தும் உள்ளே விட்டார், சொந்த போன் நம்பர் கொடுத்தார் என்பதெல்லாம் நன்றியோடு எழுதப்படுபவைதான். என்னோடு வேலை பார்த்த ஒரு சின்னப் பெண்ணுக்கு இப்படித்தான் ஆனது. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒரு நோயாளியின் மகனை உள்ளே விட்டிருந்தாள். அவர் மனம் நெகிழ்ந்து, அவள் பெயரையும் படத்தையும் போட்டு, மணியையும் குறிப்பிட்டு எழுதிவிட்டார். மூன்றாம் நாள் அவளிடம் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. படத்தில் அவளுக்குப் பின்னால் இருந்த மேஜையில் இன்னொரு நோயாளியின் கேஸ் ஷீட் விரிந்து கிடந்ததால் அதற்கும் சேர்த்துக் கேட்டார்கள். போட்டவர் அவளுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்திருந்தார்.

நீங்கள் இணைத்திருந்த வார்டு படத்திலும் பக்கத்துக் கட்டில் அம்மா பாதி முகத்தோடு தெரிகிறார். அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்தப் படம் வேண்டாம். டிஸ்சார்ஜ் சம்மரி வேண்டவே வேண்டாம். பெயர், வயது, முகவரி, ஐ.பி. நம்பர், நோய், மருந்து எல்லாம் ஒரே தாளில் இருக்கும். பெயரை மட்டும் போனில் கறுப்பாகத் தீட்டிவிட்டுப் போடுபவர்கள் உண்டு. ஹைலைட்டர் மாதிரியான பேனாவால் தீட்டினால், படத்தின் வெளிச்சத்தைக் கூட்டியதும் அடியில் இருக்கும் எழுத்து தெரிந்துவிடலாம். படம் இல்லாமலேயே இந்தப் பதிவு நன்றாக இருக்கும்.

இப்படி எழுதிப் பார்த்தேன். உங்கள் பேச்சுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

"எங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவருக்காகச் சில நாட்கள் அரசு மருத்துவமனையில் தங்கியிருந்தேன். அங்கே பார்த்த மூன்று பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு நாள் அர்த்த ராத்திரியில் என்ன செய்வதென்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். நைட் டியூட்டி சிஸ்டர், 'நீங்க போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்கம்மா, நான் பார்த்துக்கறேன்' என்றார். திரும்பி வந்தபோது எல்லாம் சரியாகியிருந்தது, அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டிருந்தார். இன்னொரு சிஸ்டர், வீட்டில் நான் செய்ய வேண்டியதை மூன்று நாள் என் கையாலேயே செய்யவைத்துப் பக்கத்தில் நின்று பார்த்தார். இன்று கை நடுங்காமல் செய்கிறேன். ஸ்ட்ரெச்சர் தள்ளிய அண்ணன், தரை உடைந்த ஒவ்வோர் இடத்திலும் நின்று, சக்கரத்தைத் தூக்கி மெதுவாக இறக்கினார். யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. மூவருக்கும் என் நன்றி."

எந்த ஊர், எந்த வார்டு, என்ன தேதி என்று இதில் இல்லை. அப்படியானால் அந்த மூன்று பேருக்கும் நன்றி எப்படிப் போய்ச் சேரும் என்று நீங்கள் கேட்கலாம். அதற்குத் தனியாக ஒரு கடிதம் எழுதுங்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் டீனுக்கு எழுதி, ஒரு நகலை நர்சிங் சூப்பரின்டென்டன்ட்டுக்கும் அனுப்புங்கள். பதிவிலிருந்து எடுத்ததில் வார்டு, தேதி, ஏறத்தாழ மணி, ஐ.பி. நம்பர், தெரிந்தால் சிஸ்டர்களின் பெயர் ஆகியவை இந்தக் கடிதத்துக்கு வேண்டும். பெயர் தெரியாவிட்டாலும் தேதியும் மணியும் இருந்தால் டியூட்டி ரோஸ்டரைப் பார்த்து யார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். நோயைப் பற்றி இதிலும் எழுதத் தேவையில்லை, அது கேஸ் ஷீட்டிலேயே இருக்கிறது. இப்படி வந்த கடிதங்களை எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் டியூட்டி மாறும் நேரத்தில் எல்லோரையும் நிற்கவைத்து வாசித்துக் காட்டுவார். ஸ்ட்ரெச்சர் தள்ளியவருக்கென்று ஒரு வரி தனியாக எழுதுங்கள். அந்தப் பணியாளர்களைக் குறிப்பிட்டு வந்த கடிதங்களை என் இருபத்தாறு வருடத்தில் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

பதிவைப் போடுவதற்கு முன், அத்தை சாப்பிட்டுவிட்டு ஓய்வாக உட்கார்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து, அதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். போனை நீட்டி, "ஓகேவா அத்தை?" என்று கேட்டால் மருமகள் மனம் நோகக் கூடாதென்று சரி என்றுதான் சொல்வார். முழுக்க வாசியுங்கள், எந்த இடத்தில் முகம் மாறுகிறது என்று பாருங்கள், அந்த வரியை எடுத்துவிடுங்கள். பதிவே வேண்டாம் என்று சொன்னால் டீனுக்கு எழுதும் கடிதம் போதும். ஒருவேளை அவரே, "அந்த சிஸ்டர் எனக்குத் தலைவாரி விட்டதையும் எழுதும்மா" என்கிற மாதிரி ஏதாவது சொன்னால், அதை அவர் சொன்ன வார்த்தையிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.