முதலில் றைவர் அண்ணாவுக்கு எழுதுங்கள்

வணக்கம். எனக்கு 41 வயது, கல்லடியில் இருக்கன். சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்பில ஒரு என்.ஜீ.ஓ.வில கணக்குப் பிரிவில ஏழு வருசம் வேலை செஞ்சன். 2014இல ப்ரொஜெக்ட் முடிஞ்சுது, ரெண்டாவது மகளும் பிறந்தா, அப்பிடியே வீட்டில நின்டுட்டன். இப்ப அவளும் ஸ்கொலர்சிப் எழுதிட்டா. திரும்ப வேலைக்குப் போக ஆசை, இவருக்கும் விருப்பம்தான். "நாலு பேரோட தொடர்பு இருந்தாத்தான் வேலை வரும்" எண்டு எல்லாரும் சொல்றாங்க. அதுதான் எனக்கு வயித்தக் கலக்குது. பழைய மனேஜர் இப்ப கொழும்பில பெரிய பதவியில இருக்கார். அவருக்கு ஒரு மெசேஜ மூண்டு கிழமையா எழுதி எழுதி அழிக்கன். இத்தனை வருசம் ஒருத்தரையும் விசாரிக்காம இருந்துட்டு, இப்ப வேலைக்காகப் போய் நிண்டா என்ன நினைப்பாங்க? அந்த நேரம் கூட இருந்த ஒரு அக்கா கனடாவில, ஒரு பிள்ளை இங்க ஒரு வங்கியில, எங்கட ஒபிஸ் றைவர் அண்ணா பாசிக்குடாவில ஒரு ஹோட்டலுக்கு வேன் ஓடுறார். வேற ஒருத்தரும் ஞாபகத்துக்கு வரல்ல. நான் எங்க இருந்து துவங்குற?

– கல்லடி வாசகி

கல்லடிச் சகோதரிக்கு,

றைவர் அண்ணாவிலிருந்து தொடங்குங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

மனேஜருக்கான அந்த மெசேஜ் ஏன் போகவில்லை என்று முதலில் பார்ப்போம். ஒரே மெசேஜில் மன்னிப்புக் கேட்கிறீர்கள், உதவி கேட்கிறீர்கள், "நான் இன்னும் வேலைக்கு ஏற்ற ஆள்தானா" என்ற சோதனையையும் அவரிடமே ஒப்படைக்கிறீர்கள். மூன்று சுமையை ஒரு சைக்கிளில் ஏற்றினால் அது எழும்பாது. அதோடு, ஒவ்வொரு முறை அழிக்கும்போதும் நெஞ்சு கொஞ்சம் இலேசாகியிருக்கும். அந்த இலேசுதான் வினை. "அழித்தால் நிம்மதி" என்று மனம் பாடம் படித்துக்கொள்கிறது, அடுத்த முறை பயம் இன்னும் வேகமாக வருகிறது. ஆகவே மூன்று வாரமாக நீங்கள் சும்மா இருக்கவில்லை, தெரியாமலே பயத்துக்குத் தீனி போட்டிருக்கிறீர்கள். அந்த மெசேஜை இப்போதைக்கு மூடி வையுங்கள்.

றைவர் அண்ணாவிடம் உங்களுக்கு வேலை தரும் அதிகாரம் இல்லை. அதனால் அவர் உங்களுக்கு "இல்லை" சொல்லவும் முடியாது. தொடக்கத்துக்கு அப்படிப்பட்ட ஆள்தான் வேண்டும்.

பயன் இல்லாத ஆள் என்றும் நினைத்துவிடாதீர்கள். மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர் அமெரிக்காவில் பொஸ்டன் நகரத்தை அண்டிய ஒரு பகுதியில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவுக்கு அடிக்கடி சந்திப்பீர்கள் என்று விசாரித்தார். அடிக்கடி சந்திப்போம் என்றவர்கள் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான். மற்றவர்கள் எப்போதாவது, அல்லது அரிதாகக் கண்டவர்கள். 1973இல் அவர் எழுதிய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. காரணம் எளிது. உங்கள் அக்காவுக்கும் பக்கத்து வீட்டுக்காரிக்கும் தெரிந்தது உங்களுக்கும் தெரியும். பாசிக்குடாவில் எந்த ஹோட்டலில் ஆள் மாறுகிறது என்பது அந்த வேனுக்குள் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தெரியும்.

அவருக்கு என்ன எழுதுவது? இவ்வளவு போதும்:

"அண்ணா, நான் பழைய ஒபிஸில கணக்குப் பிரிவில இருந்த தங்கச்சி. இண்டைக்குப் பாலத்தால வரக்குள்ள நம்மட பழைய வேன் மாதிரி ஒண்டக் கண்டன், உங்கட ஞாபகம் வந்துது. சுகமா இருக்கீங்களா? பிள்ளைகள் எல்லாம் என்ன செய்றாங்க?"

வேலைப் பேச்சே இல்லை. "இத்தனை வருசம் கதைக்காததுக்கு மன்னிக்கணும்" என்ற வரியும் வேண்டாம். மன்னிப்புக் கேட்டால் அவர் உங்களைத் தேற்றவேண்டிய வேலையையும் சேர்த்துக் கொடுத்ததாகிவிடும். அனுப்பியதும் போனை அறைக்குள் வைத்துவிட்டு அரை மணித்தியாலம் மீனைக் கழுவுங்கள், உடுப்பை மடியுங்கள். நீலக் கோடு விழுந்ததா என்று பார்ப்பதும் அழிப்பதைப் போன்றதே. அதுவும் பயத்தின் வேலை.

அவர் பெரும்பாலும் மெசேஜ் எழுதமாட்டார், கோல் எடுப்பார். இரண்டாம் நிமிடத்திலேயே "நீங்க இப்ப என்ன செய்றீங்க?" என்று கேட்பார். பெண்கள் வழுக்குகிற இடம் இதுதான். "சும்மா வீட்டிலதான் அண்ணா" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். அதன்பிறகு வருவது அனுதாபம். அந்தப் பதிலை இன்றைக்கே கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பழகுங்கள்: "பிள்ளைகளோட வீட்டில நிண்டன் அண்ணா. இப்ப திரும்பக் கணக்கு வேலைக்குப் போகப் போறன்." இரண்டே வசனம். அத்துடன் நிறுத்திவிட்டு ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்கட ஹோட்டலில கணக்கெல்லாம் இங்கயே பாக்காங்களா, கொழும்பிலயா?" அவருக்குத் தெரிந்த விடயம், ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். கொழும்பில் என்றால், இங்கே இருக்கக்கூடியது ஸ்டோர், சம்பளப் பட்டியல், காசாளர் போன்ற வேலைகள். இங்கேயே என்றால் அது வேறு கதை. எது என்றாலும் நேற்று உங்களிடம் இல்லாத தகவல்.

அடுத்த கிழமை கனடா அக்கா. ரொறொன்ரோ பக்கம் என்றால் நமக்கும் அவருக்கும் ஒன்பதரை, பத்தரை மணித்தியால வித்தியாசம் இருக்கும். கோல் எடுத்துத் திண்டாடாமல் ஒரு வொயிஸ் அனுப்புங்கள், அவர் பஸ்ஸில் போகும்போது கேட்பார். அவரிடம் கேட்கவேண்டியது வேறு: "அக்கா, நான் அந்த நேரம் செஞ்ச வேலையில உங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கு?" என்னிடம் வரும் பெண்களிடம் பழைய வேலையை விவரிக்கச் சொன்னால் "கணக்கு எழுதினன்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். கூட இருந்தவர்தான் ஓடிட் நடந்த நாளில் காணாமல்போன வவுச்சரை யார் தேடி எடுத்தது, மாத முடிவில் வங்கிக் கணக்கிணக்கக் கூற்று ஒரு சதம் பிசகாமல் சரிவரும் வரை யார் எழும்பாமல் இருந்தது என்று சொல்வார். அவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் சீவியில் போடவேண்டிய வரிகள் அவை.

இந்த இரண்டு பேரும் நீண்ட காலம் தூங்கிப்போன உறவுகள். 2011இல் வெளியான ஓர் ஆய்வில் டானியல் லெவினும் கூட்டாளிகளும் நிறுவன அதிகாரிகளை, மூன்று வருடத்துக்கு மேல் பேசாத பழையவர்களிடம் போய் வேலை சம்பந்தமாக ஆலோசனை கேட்கச் செய்தார்கள். அந்த ஆலோசனையில் புதுமை கூடுதலாக இருந்தது, பழைய நம்பிக்கையும் அவ்வளவாகக் கரைந்திருக்கவில்லை. என்ன நினைப்பார்கள் என்று கேட்டிருந்தீர்களே, அதற்கு என்னால் தரக்கூடிய நேர்மையான விடை இதுதான். எல்லோரும் மகிழ்வார்கள் என்று நான் சொல்லவில்லை. இடைவெளி மட்டுமே உறவைக் கொன்றுவிடுவதில்லை.

மூன்றாவது, வங்கியில் இருக்கும் பிள்ளை. இங்கேதான் வேலைப் பேச்சு முதன்முதலாக வெளிப்படையாக வருகிறது. முதல் வரியிலேயே அவருடைய பயத்தைத் தீர்த்துவிடுங்கள்: "உங்கட வங்கியில வேலை கேட்டு வரல்ல. இருவது நிமிசம் கதைச்சா எனக்கு உதவி." போவதற்கு முன் கொஞ்சம் வீட்டுப்பாடம் செய்யுங்கள். நீங்கள் வேலையை விடும்போது வற் வரி 12 வீதம், 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8, முதலாளி 12 வீதம் என்பது மாறவில்லை. மாறியது எது, மாறாதது எது என்று தெரிந்துகொண்டு போனால் நீங்கள் மாணவியாக இல்லாமல் தொழில்காரியாக உட்காருவீர்கள். கேட்கவேண்டிய முக்கியமான கேள்வி: "கடன் கேட்டு வாற கடைக்காரர், அரிசி ஆலைக்காரர் ஆக்கள் கணக்குப் புத்தகத்தில எங்க மாட்டுப்படுறாங்க?" வங்கியில் இருப்பவருக்கு இது கைவந்த விடயம். காத்தான்குடியிலும் செங்கலடியிலும் கணக்குப் புத்தகம் இல்லாமல் கடன் விண்ணப்பம் திரும்பிப்போன ஒரு முதலாளி, நாளைக்கு உங்களைத் தேடக்கூடிய ஆள். எழும்பும்போது "இதைப் பற்றிக் கதைக்கிறதுக்கு வேற ஆரச் சந்திக்கலாம்?" என்று ஒரு பெயர் கேளுங்கள். வெறுங்கையோடு போகமாட்டீர்கள் என்று தெரியும். ஒரு பக்கெட் பிஸ்கட் போதும், அதற்கு மேல் போனால் அவருக்குக் கடன்பட்ட உணர்வு வந்துவிடும்.

பிள்ளைகளின் பழைய கொப்பி ஒன்றில் ஆள், திகதி, சொன்ன விடயம், நீங்கள் திரும்பச் சொல்லவேண்டியது என்று எழுதி வாருங்கள். கடைசியாகச் சொன்னதைத்தான் பலர் மறக்கிறார்கள். ஒருவர் தந்த பெயரோடு கதைத்தீர்கள் என்றால், தந்தவருக்கு இரண்டு வரியில் அறிவியுங்கள். பக்கத்தில் இரண்டு எண்களும் போடுங்கள்: அனுப்புவதற்கு முன் பயம் பத்துக்கு எத்தனை, ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு எத்தனை. நாலாவது ஆளுக்குள் முதல் எண் இறங்கத் தொடங்கவேண்டும். எட்டு, ஒன்பதிலேயே நின்று, நித்திரையும் சாப்பாடும் கெட்டால் இது கடிதத்தில் தீரும் விடயமல்ல, ஒரு உளவளத்துணையாளரையோ வைத்தியரையோ நேரில் பாருங்கள்.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். நம்மூரில் செய்தி கல்லடிப் பாலத்தை நமக்கு முன்னமே கடந்துவிடும். ஆகவே மாமியார், நாத்தனார் காதில் வேறு யாரும் போடமுன் நீங்களே சொல்லிவிடுங்கள். மற்றது, "சும்மா வந்து எங்கட கணக்க ஒருக்காப் பாத்துத் தாங்களன்" என்று யாராவது கேட்பார். முதல் தடவை ஒத்துக்கொள்ளலாம், ஆனால் ஒரு மாதம்தான், என்ன வேலை என்பது எழுத்தில், முடிவில் ஒரு சான்றுக் கடிதம். அதற்கு மசியாதவர் ஆறு மாதமானாலும் "சும்மா" என்றே வைத்திருப்பார்.

பதில் வராதவருக்குப் பத்து நாள் கழித்து ஒரு நினைவூட்டல், பிறகு விட்டுவிடுங்கள்.

மனேஜர் நாலாவது ஆள். அவருக்கு வட்ஸ்அப் வேண்டாம், மின்னஞ்சல் எழுதுங்கள். நீலக் கோடும் இல்லை, இரவு பத்து மணிக்கு ஒரு ஆம்பிளைக்கு மெசேஜ் போட்டோமே என்ற குறுகுறுப்பும் இல்லை. அந்த நேரம் உங்களிடம் எழுத விடயம் இருக்கும்: இன்னின்ன வேலைகளைப் பற்றி விசாரித்தேன், கணக்கு வேலையில் இந்த இரண்டு பக்கமும் பொருந்தும் போலிருக்கிறது, உங்கள் அனுபவத்தில் எது சரி? அனுப்ப முன் கனடா அக்காவுக்கு ஒருக்கா வாசிக்கக் கொடுங்கள். கணக்குப் பிரிவில் இருந்தவர், ஒரு எழுத்துப்பிழையாவது பிடிப்பார்.