இலைக்கணக்கு தெரியாமல் பந்தி போட முடியாது

கேள்வி: அடுத்த மாதம் என் மகளுக்குக் கல்யாணம். மண்டபத்தில் யார் யாரை எங்கே உட்கார வைப்பது என்று, மனக்கசப்பு வராதபடி ஒரு திட்டம் போட்டுக் கொடுங்கள்.

பதில்: இந்தக் கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு நான் எதையாவது எழுதி அனுப்பினால், அது உங்கள் கல்யாணத்துக்கான திட்டமாக இருக்காது. எத்தனை பேர் வருகிறார்கள், சாப்பாட்டு மேசையின் நீளம் என்ன, எந்தெந்த வீட்டாரைத் தள்ளி உட்கார வைக்க வேண்டும் என்ற மூன்றுமே உங்கள் கடிதத்தில் இல்லை. மனக்கசப்பு என்று நீங்களே எழுதியிருப்பதால் அப்படிப்பட்ட வீடுகள் இருக்கின்றன என்பது மட்டும் புரிகிறது.

மேடைக்கு முன்னால் இருக்கும் நாற்காலிகளைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். முதல் இரண்டு வரிசைகளை நெருங்கிய உறவுக்கு ஒதுக்கிவிட்டால் மற்றவர்கள் தாங்களே இடம் பார்த்து உட்கார்ந்துகொள்வார்கள். சிக்கல் எழுவது பந்தியில்தான், அதிலும் முகூர்த்தச் சாப்பாட்டில்.

என் அண்ணன் மகள் கல்யாணத்தில் நடந்ததைச் சொல்கிறேன். சாப்பாட்டுக் கூடத்தில் 40 மேசைகள், மேசைக்கு 4 பேர், ஆக ஒரு பந்திக்கு 160 பேர் என்று மண்டபத்தில் சொன்னார்கள். 480 பேருக்கு மூன்று பந்தி போதும் என்று நாங்களும் எழுதிவைத்துக்கொண்டோம். அண்ணியின் இரண்டு தம்பிகள் பாகப்பிரிவினைக்குப் பிறகு பேசிக்கொள்ளாதவர்கள் என்பதால், பெரியவர் வீட்டார் 40 பேரைச் சம்பந்தி வீட்டார் 120 பேரோடு முதல் பந்தியிலும், சின்னவர் வீட்டாரை மூன்றாம் பந்தியிலும் வைத்தோம். நடுவில் ஒரு பந்தி முழுதாக இருந்தால் ஒருவரையொருவர் பார்க்க நேராது என்பது எங்கள் கணக்கு.

ஆனால் அந்த மேசைகள் 6 அடி நீளம்தான். தலைவாழை இலை விரித்து, பக்கத்தில் தண்ணீர் வைத்து, முழங்கை இடிக்காமல் ஒருவர் சாப்பிட ஏறத்தாழ 2 அடி வேண்டும். இலை போடுகிறவர் மேசைக்கு மூன்று இலையோடு நிறுத்திவிட்டார். நான்காவதைப் போட்டிருந்தால் ஒருவருடைய நுனி அடுத்தவருடைய இலைமேல் ஏறியிருக்கும். ஆக, 160 இடம் 120 ஆகிவிட்டது. சம்பந்தி வீட்டாரோடு முதல் பந்தி நிறைந்துவிட, பெரியவர் வீட்டார் இரண்டாம் பந்திக்குப் போனார்கள். சின்னவர் வீட்டாரோ, எங்கள் ஊர்ப்பக்கம் எல்லோரும் செய்வதைப் போல, மூன்றாம் பந்திக்கு இடம் பிடிக்க நாற்காலிகளுக்குப் பின்னாலேயே வந்து நின்றார்கள். அண்ணன் தம்பி இருவரும் கை கழுவும் இடத்தில் நேருக்கு நேர் நின்ற அந்த நிமிடத்தில் அண்ணியின் முகத்தைப் பார்த்தவன் நான். வார்த்தை எதுவும் தடிக்கவில்லை என்றாலும், தாம்பூலப் பையைக்கூட வாங்காமல் சின்னவர் கிளம்பிவிட்டார்.

உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்து, மேசை துடைத்து மறுபடி இலை போட எங்களுக்குப் பந்திக்கு 45 நிமிடம் ஆயிற்று. 11 மணிக்குத் தொடங்கியது. நான்காம் பந்தி உட்காரும்போது மணி 1.15. முன்கூட்டியே ஒரு மேசையை அளந்து பார்த்திருந்தால் நான்கு பந்தி வரும் என்று தெரிந்திருக்கும். பெரியவர் இரண்டு, சின்னவர் நான்கு என்று மாற்றியிருக்கலாம். ஒரே பந்தியில் இரண்டு கோடிகளில் உட்கார வைப்பது இதற்கு மாற்றாகாது, ஏனென்றால் பந்தி ஒன்றாகத்தான் எழுந்திருக்கும். கை கழுவ இரண்டு தனித்தனி இடங்கள் இருந்தால் மட்டுமே அது சரிப்படும்.

எனவே முதலில் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போய் மேசையின் நீளத்தை அளந்து, மேசைகளை எண்ணி, கை கழுவும் இடம் எத்தனை என்றும் அங்கே போகும் வழி எது என்றும் குறித்து வாருங்கள். ஆள் கணக்கைப் பத்திரிகைகளின் எண்ணிக்கையைக் கொண்டு போடாதீர்கள். உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றுக்கு நான்கு பேர் வரலாம், வெளியூர்ப் பத்திரிகைக்கு ஒருவர் மட்டும் வரலாம். ஒவ்வொரு வீட்டின் பெயருக்கும் எதிரே காலை டிபனுக்கு எத்தனை பேர், முகூர்த்தச் சாப்பாட்டுக்கு எத்தனை பேர், வரவேற்புக்கு எத்தனை பேர் என்று தனித்தனியாக எழுதுங்கள்.

தள்ளி வைக்க வேண்டிய வீடுகளைப் பற்றி எழுதும்போது காரணம் வேண்டாம், பெயரும் வேண்டாம். "பெண்ணின் பெரியப்பா வீடு, 25 பேர்" என்பதுபோல உறவையும் எண்ணிக்கையையும் மட்டும் எழுதினால் போதும். அந்தக் கடிதத்தை இந்தப் பக்கத்தில் வெளியிட மாட்டேன். பந்தி வரிசையை எழுதி உங்கள் முகவரிக்கே அனுப்பிவைக்கிறேன்.