சிலாப் இடிந்தால் காப்புறுதிக்கு எப்படி அறிவிப்பது?

“மாங்குளத்தில் மாடிக் கட்டடம். நேற்றுப் பின்னேரம் கொங்கிறீட் போடும்போது சிலாப் முட்டுகளோடு இறங்கிவிட்டது. ஆளுக்குச் சேதமில்லை. காப்புறுதிக்கு என்ன எழுத, எதை இணைக்க?”

இன்றே தொலைபேசியில் சொல்லி, மின்னஞ்சலும் போடுங்கள். வழமையான காப்புறுதிப் பத்திர வாசகத்தில் அறிவிக்க 14 நாள் எல்லை உண்டு, உங்களுடையதைப் பாருங்கள்.

கடிதத்தில் பத்திர இலக்கம், இடம், நேரம், விழுந்த பகுதி, உத்தேச இழப்பு போதும். காரணத்தை ஊகித்து எழுத வேண்டாம். “முட்டு பலவீனம்” என்று நீங்களே எழுதினால், குறைபாடான வேலையைத் திருத்தும் செலவு விலக்கு என்ற பிரிவைத்தான் முதலில் நீட்டுவார்கள்.

இணைக்க வேண்டியது வேலை முன்னேற்றப் பதிவுகள். அவை ஒரு கேள்விக்குத்தான் பதில்: விழுமுன் அங்கே என்ன இருந்தது? உதாரணமாக 40 கன மீற்றரில் 22 போட்டிருந்தால், இழப்பு அந்த 22உம் கம்பியும் பலகையும்தான். அதைக் காட்டுவது அன்றைய கொங்கிறீட் விநியோகச் சிட்டைகள், கம்பிப் பரிசோதனைத் தாள், தள நாட்குறிப்பு, திகதியுள்ள படங்கள். கடைசி இடைக்காலக் கொடுப்பனவுச் சான்றிதழ் மட்டும் போதாது, அதற்குப் பிந்திய வேலை அதில் இராது. நாட்குறிப்பில் விடுபட்டதை இப்போது நிரப்பாதீர்கள், மை காட்டிக்கொடுக்கும்.

ஆபத்தாகத் தொங்குவதை மட்டும் படமெடுத்துவிட்டு இறக்குங்கள். வளைந்த முட்டுகளை காப்புறுதி மதிப்பீட்டாளர் பார்க்கும்வரை பழைய இரும்புக்குக் கொடுக்க வேண்டாம்.