ஒளிந்து நிற்காதீர்கள்

அன்புள்ள ஐயா,

காரைக்குடி அருகே ஒரு குழந்தைகள் இல்லத்தில் பராமரிப்பாளராக இருக்கிறேன். மூன்று வயதிலிருந்து நான் வளர்த்த ஆறு வயதுச் சிறுமியை, தேவகோட்டையிலுள்ள அவளுடைய சித்தியிடம் ஒப்படைக்கக் குழந்தைகள் நலக்குழு உத்தரவிட்டுள்ளது. வண்டி வரும்போது, குழந்தை அழாமலிருக்க, என்னைக் கண்ணில் படாமல் இருக்கச் சொல்கிறார்கள். "பிடிக்கவில்லை என்றால் அம்மாவிடம் வந்துவிடு" என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். புதுக் கவுன் வாங்கித் தரலாமா? பிறகு தொலைபேசியில் பேசலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

கவுன் தாராளமாக வாங்குங்கள். உங்களைக் கண்ணில் படாமல் இருக்கச் சொல்வதைப் பற்றித்தான் நானும் சில நாட்களாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கத்தில் நகரத்தார் வீடுகளில் 'பிள்ளை கூட்டுதல்' உண்டு. ஆண் வாரிசு இல்லாத வீட்டுக்கு இன்னொரு வீட்டுப் பிள்ளை சுவீகாரம் போவது பங்காளிகளும் உறவினரும் கூடியிருக்க, ஊரறிய நடக்கும். சிறுவயதில் அண்டை வீட்டில் அப்படி ஒன்றைப் பார்த்தேன். பெற்ற ஆச்சி தானே மகனுக்குத் தலை வாரி, முகப்பு வரை கைபிடித்து அழைத்துவந்து, அந்தக் கையை எடுத்து வளர்க்கப்போகும் ஆச்சியின் கையில் வைத்தார். பையன் ஓவென்று அழுதான், அவரும் அழுதார். அவரை உள்ளே போகும்படி ஒருவரும் சொல்லவில்லை. தன்னை யார் கொடுத்தார், யார் வாங்கிக்கொண்டார் என்பதை அவன் கண்ணால் பார்த்தான். உங்கள் குழந்தைக்கு அதைத்தான் மறுக்கப் பார்க்கிறார்கள். நீங்கள் திடீரென்று மறைந்தால், தான் செய்த ஏதோ குறும்புக்காகத்தான் அம்மா போய்விட்டாள் என்றே அந்த வயதுப் பிள்ளை கணக்குப் போடும். பிறகு சித்தி கடைக்குப் போனாலும் வாசலிலேயே நிற்கும்.

நீங்கள் சொல்லி வைத்த வாக்கியமும் அதே அளவு தவறு, கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. சிறார் நீதிச் சட்டத்தின்படி குழந்தை எங்கே இருப்பது என்பதைக் குழு தீர்மானிக்கிறது. காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுக்க உங்களுக்கு உரிமையில்லை. சித்தி முதல்முறை அதட்டியதும் அவள் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவாள். "சித்தி வீட்டில்தான் இனி இருப்பாய், நீ எந்தத் தப்பும் செய்யவில்லை, நான் உன்னை நினைத்துக்கொண்டிருப்பேன்" என்று திருத்திச் சொல்லுங்கள். அதையும் கடைசி நாளில் சொல்லாமல் ஒரு வாரம் முன்பே சொல்லி, நாட்காட்டியில் தினமும் ஒரு நாளை அவள் கையாலேயே கோடு போட்டு அடிக்கச் சொல்லுங்கள். அந்த வாரத்தில் அவள் கடிக்கலாம், படுக்கையை நனைக்கலாம், உங்களை முகம் கொடுத்துப் பார்க்காமலும் இருக்கலாம். அதை நன்றிகெட்டதனம் என்று எண்ணிவிடாதீர்கள்.

சித்தி முன்னதாக ஒருமுறை வந்து, அவள் எந்தப் பக்கம் திரும்பித் தூங்குவாள், எதற்குப் பயப்படுவாள், எந்தச் சோற்றை ஒதுக்குவாள் என்பதை உங்களிடம் கேட்டுப் போகட்டும். பழைய போர்வையைத் துவைக்காமல் கொடுத்தனுப்புங்கள், அந்த வாசனை அவளுக்கு வேண்டும்.

தொலைபேசி, இல்லமும் சித்தியும் ஒப்பினால் வாரம் ஒரு நாள் போதும். அவள் அழுதால் பதறாதீர்கள். "தொந்தரவே இல்லை, எதையும் கேட்பதில்லை" என்று சித்தி பல வாரங்களாகப் பெருமையாகச் சொன்னால்தான் கவலைப்பட வேண்டும், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து பார்க்க வருபவரிடம் அதைச் சொல்ல வேண்டும்.